கையில் தடித்தது, மார்பில் இருக்கிறதா?

இந்த நாற்காலிக்கு என்னைவிடப் பொருத்தமானவர்கள் முதல் வரிசையிலேயே நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் உதறலோடுதான் நிற்கிறேன். ‘காசநோய் ஒழிப்பில் புதிய கருவிகள்’ என்பது தலைப்பு. புதிய கருவிகளைப் பற்றிப் பிற்பகலில் நிறையக் கேட்கப்போகிறோம். எனக்கு ஒதுக்கிய நேரத்தை ஒரு பழைய சண்டைக்குச் செலவழித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் ஐயப்பன்தாங்கலில் என்றதும் எனக்குத் திருவள்ளூர்தான் நினைவுக்கு வந்தது. வாசலில் ஓடும் சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் அந்த வட்டாரம். அன்றைக்கு எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். 1968இல் அங்கே தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ‘பி.சி.ஜி. தோற்ற கதை’ என்று நாமும் அந்த ஆய்வை ஒரே வரியில் மூட்டைகட்டி வைத்துவிட்டோம்.

நான் சண்டைபோடுவது அந்த மூட்டைக்குள் கிடக்கும் இன்னொன்றுக்காக. அந்த மக்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தோல் பரிசோதனைகள் செய்தார்கள். ஒன்று காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த பிபிடி-எஸ். மற்றது மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் உறவுக்காரக் கிருமியிலிருந்து எடுத்த பிபிடி-பி. இரண்டாவதற்கு வயது வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கை தடித்தது. அப்படியானால் முதலாவதில் தெரியும் சின்னத் தடிப்பு யாருடைய வேலை? ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை மழுப்பவில்லை. 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் தொற்று, 7 வரை தொற்றில்லை, 8 முதல் 11 வரை சந்தேகம் என்று பிரித்தார்கள். அந்தச் சந்தேகக் கட்டத்தை நம் அறிக்கைத் தாள்களிலிருந்து யார் அழித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

‘எல்லோருக்கும் பி.சி.ஜி. போட்ட நாட்டில் மான்டூ வீண்’ என்று ஒரு நண்பர் இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். இன்றும் வந்திருக்கிறார். பிறந்தவுடன் போட்ட ஊசியின் தாக்கம் பத்து வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடுகிறது என்பதே என் பதில். நம் ஊரில் குழப்புவது ஊசியைவிட மண்தான். ரத்தப் பரிசோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது என்று அவர் சொன்னால் உடனே ஒப்புக்கொள்வேன். அதில் பயன்படும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்கள் பி.சி.ஜி.யில் இல்லை, மண்கிருமிகள் பெரும்பாலானவற்றிலும் இல்லை.

ஆனால் அது தீர்த்தது ‘எந்தக் கிருமி’ என்ற கேள்வியை மட்டும். கிருமி எப்போது உள்ளே வந்தது, இப்போது உறங்குகிறதா, நுரையீரலைத் தின்கிறதா என்று கேட்டால் இரண்டு பரிசோதனைகளுமே ஊமை. இரண்டும் பார்ப்பது நம் அணுக்களின் ஞாபகத்தை, கிருமியை அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019-21 தேசியக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் லட்சத்துக்கு 316 பேருக்கு. அதாவது லட்சம் பேரில் முப்பத்தோராயிரம் பாசிட்டிவ். நோயாளிகள் அத்தனை பேரும் அதற்குள் அடங்கினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் நூறு பாசிட்டிவுக்கு ஒரே ஒரு நோயாளிதான். உண்மையில் எல்லோரும் அடங்குவதும் இல்லை. ஊட்டம் குறைந்தவர், எச்.ஐ.வி. உள்ளவர், நோய் முற்றிப்போனவர் ஆகியோருக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் சென்ற வருடம் என்னிடம் வந்தார். மான்டூ 14 மில்லிமீட்டர். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, எக்ஸ்-ரே சுத்தம். அந்த 14ஐ மட்டும் வைத்து எங்கோ நான்கு மருந்துகளைத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாவது வாரம் கண் மஞ்சளித்தது. 14 சொன்னது, கிருமி என்றைக்கோ இவர் உடம்பில் காலடி வைத்தது என்பதை மட்டும். இப்படிப்பட்டவர்களில் வாழ்நாளில் நோய் வருவது பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ. வீட்டில் நோயாளி இருந்தால் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசலாம். இவர் வீட்டில் யாருக்கும் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பாசிட்டிவ் வந்தவரை ‘உறங்குநிலை’ என்று நினைத்து எக்ஸ்-ரேயும் சளியும் பார்க்காமல் ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால், நோய் உள்ளவரின் கிருமிக்கு அந்த மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

அதனால்தான் அறிக்கைத் தாளில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தடிப்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் எழுதுங்கள் என்கிறேன். சிவப்பை அளக்க வேண்டாம், விரலில் தட்டுப்படும் தடிப்பைத்தான் அளக்க வேண்டும். நண்பர் கையைத் தூக்குகிறார். முதல் அமர்வுக்கு அவரே தலைவர். மேடையை அவரிடம் விடுகிறேன்.