அப்பா பெயரில் வந்த கடிதம்

மு. கவிதா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். முருகேசன் அவருடைய அப்பா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டார். லண்டன் அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், ‘அன்புள்ள திரு. முருகேசன்’ என்று தொடங்குகிறது. அங்கே மரியாதை அடைமொழி குடும்பப் பெயரோடுதான் சேரும். எழுதியவர் தம் வழக்கப்படியே எழுதியிருக்கிறார். ‘திரு’ மட்டும்தான் ஊகம்.

கவிதா அதைப் பதிலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது: “முருகேசன் என் தந்தையின் பெயர். என்னைக் கவிதா என்றே அழையுங்கள்.” உடனே விஷயத்துக்குப் போய்விடலாம். கடைசியில் பெயரை மட்டும் எழுதிவைத்தால் பலர் கவனிப்பதில்லை. நாலு கடிதம் பொறுத்திருந்து ஐந்தாவதில் சொன்னால் இருவருக்குமே சங்கடம்.

தவறாக அழைத்தவருக்கு, “மன்னியுங்கள், கவிதா” என்ற ஒரு வரி போதும். சரியான பெயர் அதிலேயே வந்துவிடுகிறது. நீளமாக வருந்தி எழுதினால், அவரைத் தேற்றும் வேலையும் கவிதா தலையில்தான் விழும்.

கூடவே அலுவலகப் பதிவையும் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியேதான் இருக்கும். ‘அழைக்கும் பெயர்’ என்று தனிக் கட்டம் இருந்தால் அதில் கவிதா என்று சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கணினி அனுப்பும் அடுத்த கடிதமும் அப்பா பெயரிலேயே வரும்.