சில்லறைச் செலவுப் பெட்டியும் வவுச்சர் கணக்கும்

(உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று பல ஊர்களில் உழவர்களே பங்கு போட்டு உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறார்கள். மரவள்ளி, மஞ்சள், நிலக்கடலை, வெங்காயம் என்று கொள்முதல் நடக்கிறது. விளைபொருளுக்கான பணம் வங்கி வழியே போகிறது. அதில் பெரிய குழப்பம் வருவதில்லை. பொதுக்குழுவில் எழுந்து நின்று உறுப்பினர் கேட்கும் கேள்வியெல்லாம் வேறு வகை. "சுமைக்கூலி இவ்வளவா? டீச் செலவு யார் குடித்தது?" என்றுதான் கேட்கிறார்கள். ஆக, சந்தேகம் பிறப்பது சில்லறைப் பெட்டியில். அந்தப் பெட்டியின் கணக்கை எப்படி எழுதுவது என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். பொறுப்பாளர் வங்கியில் 5,000 ரூபாய் எடுக்கிறார். தீர்ந்ததும் இன்னொரு 5,000. நடுவில் பழைய சாக்கு விற்ற காசும் அதே பெட்டியில் விழுகிறது. மாதக் கடைசியில் பெட்டியில் 1,340 ரூபாய் இருக்கிறது என்றால், அது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே தெரியாதபோது, இருப்பதை எண்ணி என்ன பயன்?

இதற்கு மாற்றுத்தான் 'இம்பிரெஸ்ட்' முறை. தமிழில் முன்பண மீட்பு முறை என்பர். அரசு அலுவலகங்களில் இதே கருத்தில் 'நிரந்தர முன்பணம்' என்ற சொல் வழங்குகிறது. இம்பிரெஸ்ட் என்றால் ஒரு வேலைக்காக முன்கூட்டிக் கொடுத்து வைக்கும் பணம். இங்கிலாந்தில் இத்தகைய முன்பணக் கணக்குகளைப் பார்க்கவே 'இம்பிரெஸ்ட் தணிக்கையாளர்' என்ற பதவி இருந்தது. 1785ஆம் ஆண்டில் அதை எடுத்துவிட்டு ஒரு தணிக்கை ஆணையத்தை வைத்தார்கள். பெயர் பழசு. முறை எளிது.

பெட்டிக்கு ஒரு தொகையை நிர்ணயித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்று முதல் பெட்டியில் உள்ள ரொக்கமும், பெட்டியில் உள்ள வவுச்சர்களின் கூட்டுத்தொகையும் சேர்ந்து எந்த நேரத்திலும் 3,000 ஆக இருக்க வேண்டும். காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் அதே 3,000. முறை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

தொகையை எப்படி நிர்ணயிப்பது? கொள்முதல் மும்முரமாக நடக்கும் காலத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஆகும் சில்லறைச் செலவைப் பார்த்து, அதற்குச் சற்று மேலாக வைத்தால் போதும். லாரி வாடகை, உர மூட்டை விலை போன்றவை இந்தப் பெட்டிக்குரியவை அல்ல. அவற்றை வங்கி வழியே கொடுங்கள். ஒரு செலவு இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் பெட்டியிலிருந்து கொடுக்கக் கூடாது என்றும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பதினைந்து நாள் கணக்கு

திருச்செங்கோடு ஏலத்திற்கு உறுப்பினர்களின் மஞ்சளை மூட்டையாகக் கட்டி அனுப்பும் ஒரு கொள்முதல் நிலையத்தை மனத்தில் கொள்ளுங்கள். விவரங்கள் எல்லாம் உதாரணத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. பிப்ரவரி 1ஆம் தேதி 3,000 ரூபாய்க்குக் காசோலை போட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள். அன்று ரொக்கப் புத்தகத்தில் வங்கிப் பத்தியில் 3,000 செலவு. பேரேட்டில் 'சில்லறை முன்பணம்' என்று ஒரு கணக்குத் திறந்து அதில் 3,000 பற்று. இந்தப் பதிவு ஒரே ஒரு முறைதான்.

அடுத்த இரண்டு வாரத்தில் ஆன செலவுகள் கரும்பலகையில் உள்ளபடி:

வவுச்சர் 1, பிப்ரவரி 3: சுமைக்கூலி, 80 மூட்டை, மூட்டைக்கு 8 ரூபாய் – 640
வவுச்சர் 2, பிப்ரவரி 4: கோணி ஊசி, சணல் – 185
வவுச்சர் 3, பிப்ரவரி 5: எடைமேடைக் கட்டணம் – 80
வவுச்சர் 4, பிப்ரவரி 6: ஏலத்திற்குப் போய்வந்த பேருந்துக் கட்டணம் – 96
வவுச்சர் 5, பிப்ரவரி 8: சுமைக்கூலி, 70 மூட்டை – 560
வவுச்சர் 6, பிப்ரவரி 10: நகல் எடுத்தது, நோட்டுப் புத்தகம் – 145
வவுச்சர் 7, பிப்ரவரி 11: உறுப்பினர் கூட்டத்திற்குத் தேநீர் – 210
வவுச்சர் 8, பிப்ரவரி 12: எடைமேடைக் கட்டணம் – 80
வவுச்சர் 9, பிப்ரவரி 14: கிட்டங்கிக்கு விளக்கு – 120

கூட்டினால் 2,116. பெட்டியில் 884 இருக்க வேண்டும்.

சில்லறை ரொக்க ஏட்டில் ஒவ்வொரு வவுச்சருக்கும் ஒரு வரி. தேதி, வவுச்சர் எண், விவரம், மொத்தத் தொகை, அதன்பின் செலவின வாரியாகப் பத்திகள். 640 ரூபாயை மொத்தப் பத்தியில் ஒரு முறையும், 'சுமைக்கூலி, எடை' பத்தியில் ஒரு முறையும் எழுத வேண்டும். இப்படி எழுதி வந்தால் 14ஆம் தேதி பத்திகளின் அடியில் சுமைக்கூலி, எடை 1,360, கட்டுச் செலவு 185, பயணம் 96, எழுதுபொருள் 145, கூட்டச் செலவு 210, பராமரிப்பு 120 என்று நிற்கும். இந்த ஆறும் சேர்ந்து 2,116 வரவில்லை என்றால் ஏதோ ஒரு வரியைப் பத்தியில் எடுத்து எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று பொருள்.

இப்போது பெட்டியை நிரப்ப வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சில்லறை எதற்கு என்று 2,000 எடுப்பார்கள், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று 2,500 எடுப்பார்கள். இரண்டும் கூடாது. எடுக்க வேண்டியது 2,116. ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பொறுப்பாளர் வவுச்சர்களை எண் வரிசையில் அடுக்கி, சுருக்கப் பட்டியல் வைத்துக் கொடுக்கிறார். காசோலையில் கையெழுத்திடும் இயக்குநர் ஒவ்வொன்றையும் பார்த்து, 'பணம் மீட்கப்பட்டது' என்று குறுக்கே முத்திரை இட்ட பிறகே காசோலையைத் தர வேண்டும். முத்திரை இடாத எடைமேடைச் சீட்டு அடுத்த மாதமும் வந்து நிற்கும். தொகை 80, மேடையும் அதே மேடை, யாருக்கு நினைவிருக்கும்?

அந்த 2,116 ரூபாயைச் சில்லறை முன்பணக் கணக்கில் எழுதக் கூடாது. வங்கிப் பத்தியில் 2,116 செலவு. எதிர்ப் பற்று அந்த ஆறு செலவினக் கணக்குகளில். முன்பணக் கணக்கு அசையாமல் 3,000இலேயே நிற்கும். நிரப்பிய பணத்தையும் அந்தக் கணக்கில் பற்று வைத்துக்கொண்டே போனால், ஆண்டு முடிவில் பெட்டியில் பல ஆயிரம் இருப்பதாகப் பேரேடு சொல்லும். செலவுக் கணக்குகளோ காலியாக இருக்கும்.

ரசீது தராத செலவு

எடைமேடைக்காரர் அச்சிட்ட சீட்டுத் தருவார். கடைக்காரர் பில் தருவார். சுமை தூக்குபவர் என்ன தருவார்? அவருக்கு நாமே வவுச்சர் எழுத வேண்டும். 'கூலி 640' என்று மொட்டையாக எழுதினால் அது சான்று ஆகாது. பெற்றவர் பெயர், ஊர், என்ன வேலை, எத்தனை மூட்டை, என்ன விகிதம், எந்த வண்டிக்கு ஏற்றியது என்று எழுதி, அவரது கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். குழுவாக வந்தால் மேஸ்திரி ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் வேலை செய்தவர் பெயர்களைப் பின்புறம் குறித்துவிடலாம்.

மூட்டை எண்ணிக்கையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 3ஆம் தேதி கிட்டங்கிப் பதிவேட்டில் 62 மூட்டை வெளியே போனதாக இருந்து, வவுச்சரில் 80 மூட்டைக்குக் கூலி இருந்தால், யாரும் சொல்லாமலே விஷயம் தெரிந்துவிடும். என் கருத்தில் கையெழுத்தைவிட இந்த ஒத்துப்பார்ப்புத்தான் பலமான சான்று.

இப்போது கைப்பேசியில் பணம் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக அனுப்பினால் அது வங்கிச் செலவு. பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொறுப்பாளர் தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து கொடுத்துவிட்டால், கடைப் பில்லோடு பணம் போனதற்கான நகலையும் வைத்து வவுச்சர் எழுதி, அந்தத் தொகையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அன்றே செய்துவிட வேண்டும்.

எண்ணிப் பார்க்கும்போது

மாதம் ஒருமுறையாவது, முன்னறிவிப்பு இல்லாமல், பெட்டியை வைத்திருப்பவர் அல்லாத ஓர் இயக்குநர் எண்ண வேண்டும். பொறுப்பாளரும் உடனிருந்து இருவரும் கையெழுத்திட வேண்டும். ஐந்து நிமிட வேலை. ரொக்கத்தையும் வவுச்சரையும் கூட்டி 3,000 வருகிறதா என்பதே கேள்வி.

வரவில்லை என்றால் உடனே ஆளைச் சந்தேகிக்க வேண்டாம்; முதலில் எண்களைப் பாருங்கள். சணல் வாங்கிய 185ஐக் கடை பில் பார்த்து வவுச்சர் எழுதும்போது 158 என்று எழுதியிருந்தால், 27 ரூபாய் குறையும். இலக்கம் இடம் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். எனவே குறைவு 9, 18, 27, 36 என்று வந்தால் பில்லையும் வவுச்சரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குறைவு சரியாக 80 என்றால், ஒரு எடைமேடைச் சீட்டு வண்டி ஓட்டுநரின் சட்டைப்பையிலேயே இருக்கக்கூடும்.

தேடியும் கிடைக்கவில்லை, 20 ரூபாய் உண்மையிலேயே குறைகிறது. அதைத் தேநீர்ச் செலவில் ஏற்றிவிடும் பழக்கம் உண்டு. அது பொய் வவுச்சர். 'ரொக்கக் குறைவு' என்றே ஒரு வரி எழுதி, பொறுப்பாளர் ஈடு செய்வதா நிறுவனம் ஏற்பதா என்பதை இயக்குநர் முடிவு செய்யட்டும். நிறுவனம் ஏற்றால் மீட்புத் தொகை 2,136 ஆகும். அதில் 20 ரொக்கக் குறைவுக் கணக்கில் பற்று. ஆண்டில் அந்த வரி எத்தனை முறை வருகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

பெட்டிக்குள் 'இன்னார் 500' என்ற துண்டுச் சீட்டு இருந்தால் அது வவுச்சர் ஆகாது, கைமாற்று. வேலைக்காக முன்பணம் வாங்கிப் போனவரின் தற்காலிகச் சீட்டு அன்று மாலைக்குள் பில்லாகவோ மீதிப் பணமாகவோ மாறிவிட வேண்டும். பழைய சாக்கு விற்ற காசையும் பெட்டியில் போடாதீர்கள். ரசீது எழுதி வங்கியில் கட்டுங்கள். 300 ரூபாய் வரவு உள்ளே வந்துவிட்டால் 3,000 என்ற அளவுகோல் உடைந்துபோகும். அதன்பின் 300 காணாமல் போனாலும் கூட்டல் சரியாகவே வரும்.

மார்ச் 31 அன்று மட்டும் ஒரு தனிக் கவனம் வேண்டும். மீட்காத வவுச்சர்கள் பெட்டியில் கிடந்தால் அந்தச் செலவு அடுத்த ஆண்டுக் கணக்கில் போய்விடும். அன்றே காசோலை போட்டு நிரப்பிவிடுவது எளிது. வங்கி விடுமுறை என்று முடியாமல் போனால், பெட்டியில் உள்ள வவுச்சர் தொகையைச் செலவினங்களில் பற்றெழுதி, முன்பணக் கணக்கில் வரவு வையுங்கள். அப்போது 900 ரூபாய் வவுச்சர் இருந்தால் முன்பணக் கணக்கு 2,100 காட்டும். பெட்டியில் உள்ள ரொக்கமும் அதுவே. ஏப்ரலில் பணம் எடுக்கும்போது அந்த 900 மட்டும் முன்பணக் கணக்கில் பற்றாகி, பழையபடி 3,000 ஆகும்.

முத்திரை இட்ட வவுச்சர்களை மாத வாரியாகக் கட்டி, சுருக்கப் பட்டியலை மேலே வைத்துத் தைத்துவிடுங்கள். உற்பத்தியாளர் நிறுவனமும் நிறுவனச் சட்டத்தின்கீழ் வருவதால், கணக்குப் புத்தகங்களோடு இந்தக் கட்டுகளையும் எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மஞ்சள் கிட்டங்கியில் வைத்தால் எலியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். இரும்புப் பீரோவில் வையுங்கள்.