அடிக்கோட்டில் தெரியும் சமநிலை

ஆட்டக் கோட்பாடு என்றதும் இரண்டு கைதிகளின் கதையைச் சொல்லி முடித்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. கதை நினைவில் நிற்கிறது. அட்டவணையைப் படிக்கும் பழக்கம்தான் வருவதில்லை. சமநிலையைக் கண்டுபிடிக்கக் கதை வேண்டாம், ஒரு பென்சில் போதும்.

அந்தக் கதை பிறக்கும் முன்பே, 1950 ஜனவரியில், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் இருவரும் ஓர் அட்டவணை தயாரித்தார்கள். அதை ஆடியவர்கள் ஆர்மென் ஆல்ச்சியன், ஜான் வில்லியம்ஸ். இருவருக்கும் இரண்டே வழிகள்: இணங்கலாம், விலகலாம். இருவரும் இணங்கினால் ஆல்ச்சியனுக்கு அரை சென்ட், வில்லியம்ஸுக்கு 1 சென்ட். இருவரும் விலகினால் ஆல்ச்சியனுக்கு 0, வில்லியம்ஸுக்கு அரை சென்ட். ஆல்ச்சியன் மட்டும் விலகினால் அவருக்கு 1 சென்ட் லாபம், வில்லியம்ஸுக்கு 1 சென்ட் நஷ்டம். வில்லியம்ஸ் மட்டும் விலகினால் அவருக்கு 2 சென்ட் லாபம், ஆல்ச்சியனுக்கு 1 சென்ட் நஷ்டம்.

இப்போது பென்சில். ஒருவருடைய தேர்வை அசையாமல் நிறுத்தி, மற்றவருடைய எண்களை மட்டும் ஒப்பிட வேண்டும். வில்லியம்ஸ் இணங்குகிறார் என்றால் ஆல்ச்சியனுக்கு அரையா, 1-ஆ? 1-க்குக் கீழே கோடு. வில்லியம்ஸ் விலகுகிறார் என்றால் நஷ்டம் 1-ஆ, 0-வா? 0-வுக்குக் கோடு. அடுத்து ஆல்ச்சியனை நிறுத்த வேண்டும். அவர் இணங்கினால் வில்லியம்ஸுக்கு 1, 2 இரண்டில் 2-க்குக் கோடு. விலகினால், நஷ்டம் 1, லாபம் அரை இரண்டில் அரைக்குக் கோடு. இரண்டு எண்களுக்கும் கோடு விழுந்த கட்டம் ஒன்றே ஒன்று: இருவரும் விலகும் கட்டம். அதுவே நாஷ் சமநிலை. அங்கிருந்து யார் தனியாக மாறினாலும் அவருக்கே நஷ்டம்.

'தனியாக' என்ற சொல்லில்தான் பலரும் தவறுகிறார்கள். இருவரும் இணங்கும் கட்டத்தில் இருவருக்குமே கூடுதல் பலன் உண்டு. கூட்டுத்தொகையும் அதில்தான் அதிகம். ஆனாலும் அது சமநிலை ஆகாது. அங்கே எந்த எண்ணுக்கும் கோடு இல்லை. தனியாக மாறுகிறவர் லாபம் பார்க்கிறார். கூட்டுத்தொகை பெரிய கட்டத்தைத் தேடினால் விடை தவறும். எதிராளியின் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டாலும் தவறும்.

ஆட்டம் 100 சுற்று நடந்தது. அதில் 60 சுற்றுகளில் இருவருமே இணங்கினார்கள், 14-இல் மட்டும் இருவரும் விலகினார்கள். இதைப் பார்த்த, அந்தச் சமநிலைக்குப் பெயர் தந்த நாஷ், அது 100 தனி ஆட்டங்கள் அல்ல, பல நகர்வுகள் கொண்ட ஒரே பெரிய ஆட்டம் என்றார். சரியான பதில் அது. அட்டவணை சொல்வது ஒரே ஒரு முறை ஆடும் ஆட்டத்தைப் பற்றி.

எல்லா அட்டவணையிலும் இரட்டைக் கோடு ஒரே கட்டத்தில் விழாது. சிலவற்றில் இரண்டு கட்டங்களில் விழும். இருவர் நாணயம் காட்டி, பக்கங்கள் ஒத்தால் ஒருவருக்கும் ஒவ்வாவிட்டால் மற்றவருக்கும் ஒரு ரூபாய் என்றால், எந்தக் கட்டத்திலும் விழாது. அங்கே சமநிலை, இருவரும் பூவையும் தலையையும் பாதிப் பாதி வாய்ப்போடு கலந்து காட்டுவதில் இருக்கிறது. எதிராளி அப்படிக் கலக்கும்போது எதைக் காட்டினாலும் சராசரிப் பலன் ஒன்றே.