கடலைச் செடியில் எந்த இலை மஞ்சள்?

குடியாத்தம் பக்கம் நிலக்கடலை போட்டவர்கள், செடி மஞ்சளானதும் ஓர் இலையைக் கிள்ளிப் படமெடுத்து அனுப்புவதுண்டு. அது போதாது, மஞ்சளானது எந்த இலை என்பதில்தான் விவரமே இருக்கிறது. தழைச்சத்து குறைந்தால், செடி அடியிலையில் இருப்பதை எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலை முழுவதும் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி எளிதில் நகராது. அடியிலை பச்சையாகவே இருக்கும். குருத்திலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பகுதி மஞ்சளாகும். சுண்ணாம்பு மண்ணில் இது அதிகம். இதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும். தண்ணீர் தேங்கினாலும் இதே மஞ்சள் வரும். முதலில் அதை வடித்துவிடுங்கள். படம் அனுப்பும்போது அடி முதல் குருத்து வரை முழுச் செடியும் தெரியட்டும்.