இருபது நாள், ஒரு பக்கம்

மருத்துவமனையில் நெடுநாள் இருந்து திரும்பிய நோயாளியைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும்போது ஒரு பக்கத்தில் எழுதித்தரும் சுருக்கத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 58, சர்க்கரை நோய். கால் புண்ணிலிருந்து தொற்று ரத்தத்தில் பரவி, சிறுநீரகம் பாதித்து, 3 முறை டயாலிசிஸ் செய்து, 20-ஆம் நாள் வீடு திரும்பியிருக்கிறார். இப்போது சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடிதத்தின் முதல் வரியிலேயே கேள்வி இருக்கட்டும்: "சிறுநீரகம் இன்னும் தேறுமா? நிறுத்திய எனலாப்ரில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாமா?" மற்ற வரிகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்யும்.

அடுத்தது கிரியேட்டினின் அளவு. "சேர்ந்தபோது 1.8, உச்சம் 5.6, போகும்போது 2.4" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். மூன்று எண்ணும் சரிதான், ஆனால் நடந்தது அதில் தெரியாது. நாள் வாரியாக எழுதிப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பு 1.1. சேர்ந்த அன்று 1.8. இரண்டாம் நாள் ரத்த அழுத்தம் 80/50-க்கு இறங்கியது. நான்காம் நாள் 2.6. அழுத்தம் சரியானதும் ஆறாம் நாள் 2.2 ஆகக் குறைந்தது. எட்டாம் நாள் மறுபடி 3.9, பத்தாம் நாள் 5.6. முதல் நாளிலிருந்தே அமிகாசின் ஊசி போயிருக்கிறது. முதல் ஏற்றம் தொற்றாலும் அழுத்தக் குறைவாலும் வந்தது. இரண்டாவதற்கு அந்த ஊசி காரணமாக இருக்கலாம். அமிகாசின் வகை மருந்துகளின் பாதிப்பு பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும்போதுதான் தலைகாட்டும். ஊசி தொடங்கிய நாளும் நிறுத்திய நாளும் பக்கத்திலேயே இருந்தால் சிறப்பு மருத்துவர் அதை உடனே பிடித்துக்கொள்வார்.

டயாலிசிஸ் தேதிகளையும் அதே வரிசையில் எழுத வேண்டும். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த கிரியேட்டினின் குறைவாக இருந்தால் அது இயந்திரம் குறைத்தது. சிறுநீரகம் தேறிவிட்டதாகப் படிக்கக் கூடாது. கடைசி டயாலிசிஸ் 14-ஆம் நாள், 17-ஆம் நாள் 3.4, 20-ஆம் நாள் 2.4 என்றிருந்தால், இந்த இறக்கம் சிறுநீரகம் தானே வேலை செய்ததால் வந்தது. அந்த நாட்களில் சிறுநீர் எவ்வளவு போனது என்பதையும் சேர்த்தால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மருந்துப் பட்டியலில் இப்போது சாப்பிடுபவை மட்டும் போதாது. நிறுத்தியவற்றைக் காரணத்தோடு எழுதுங்கள். மெட்ஃபார்மினை ஏன் நிறுத்தினார்கள் என்று இல்லாவிட்டால், சர்க்கரை ஏறியதைப் பார்த்து வேறொருவர் அதையே திரும்ப எழுதிக் கொடுத்துவிடுவார்.

தினசரி காய்ச்சல் குறிப்பு, இயல்பாக வந்த ஸ்கேன்கள், புண்ணுக்கு மருந்து கட்டிய விவரம் எதுவும் இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பின்னால் இணைத்துவிட்டால் போதும். ஆனால் சிறுநீரில் புரதம் பார்க்கக் கொடுத்து முடிவு வராமல் இருந்தால், எந்த ஆய்வகம், என்று கொடுத்தது, யார் வாங்கி அனுப்புவார் என்பதைக் கடைசி வரியாக எழுதிவிடுங்கள்.