மிஞ்சிய பணத்தைத் திருப்பிக் கொடுத்த கதை
(டிரஸ்ட் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)





"கைக்கு வந்த பணத்தை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்? நம் தெருவில் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நடந்ததைச் சொல்கிறோம்.

கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்க, ஒரு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து நமக்கு 4,00,000 ரூபாய் தந்தது. 2023 ஜூனில் ஆரம்பித்தோம். ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது. நம் வேலை 50 பள்ளி நாளோடு முடிந்தது. ஆனால் பெரும்பகுதிப் பணம் வங்கியில் அப்படியே இருந்தது.

அந்தப் பணம் டிரஸ்ட் பெயரில் இருந்தாலும் நம்முடையது அல்ல. இன்ன பள்ளிக்கு, இன்ன வேலைக்கு என்று எழுதிக் கொடுத்த அமானிதம். ஒரு விதவைச் சகோதரியின் ஆபரேஷனுக்கு எடுத்தால்கூட, கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் எடுத்ததாகவே ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தைக் கம்பெனி "செலவு செய்துவிட்டோம்" என்று சட்டப்படி காட்ட முடியாது. மார்ச் 31க்கு முன்பே கையில் கிடைத்தால் அதே ஆண்டில் வேறொரு நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாம். நாம் தாமதித்தால் வேறொரு ஊரின் பங்கை நாம் பிடித்து வைத்ததாக ஆகும்.

முதலில் ஆகஸ்ட் 24ஐ கடைசி நாளாகத் தீர்மானத்தில் எழுதினோம். அதன் பிறகு அந்தக் கணக்கில் புதுச் செலவு எதுவும் இல்லை. மளிகைக் கடை பாக்கியைத் தீர்த்தோம். சமையல்காரம்மாவுக்கு ஆகஸ்ட் முழுச் சம்பளத்தையும் கொடுத்தோம். அவருக்கு அந்த வேலை போனது நமக்கு வருத்தம்தான். அரசுத் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். இவர் எந்தக் குழுவிலும் இல்லை.

அடுத்து கணக்கு. இங்கேதான் தடுமாறினோம். வங்கிப் புத்தகம் நம் நோட்டைவிட 8,600 ரூபாய் அதிகம் காட்டியது. தேடிப் பார்த்தால், அரிசிக் கடைக்காரர் நாம் கொடுத்த செக்கை இன்னும் வங்கியில் போடவில்லை. வங்கி காட்டிய தொகையை நம்பிக் கடிதம் எழுதியிருந்தால் கடைக்காரர் பணத்தையும் சேர்த்து அனுப்பியிருப்போம். செக் கழிந்த பிறகுதான் மீதியை முடிவு செய்தோம்.

செலவு இது: உணவுப் பொருள் 70,500, பாத்திரம் அடுப்பு 38,500, சம்பளம் 18,000. ஆக 1,27,000 ரூபாய். மீதி 2,73,000. செப்டம்பர் கடைசியில் வங்கி போட்ட வட்டி 2,960. வட்டியை நாமும் தொடக் கூடாது. ஒப்பந்தப்படியும் அது கொடுத்தவருக்கே சேர வேண்டும். அதைத் தனி வரியில் காட்டி, மொத்தம் 2,75,960 என்று எழுதினோம்.

கடிதம் ஒரே பக்கம்தான். பணம் அனுமதித்த கடிதத்தின் எண், தேதி. வேலை எந்தத் தேதியில், ஏன் நின்றது. வரவு செலவு. பாத்திரங்களின் பட்டியல், அவற்றை என்ன செய்யலாம் என்ற கேள்வி. "இத்துடன் இத்திட்டத்தை முடித்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வரி. ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழை இணைத்தோம். "மீதியை எங்களுக்கே விட்டுவிடுங்கள்" என்று அதில் கேட்கவில்லை. வேறு தேவை இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம்தான் முறை.

கடிதத்தோடு பணத்தை அனுப்பிவிடவில்லை. எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினோம். பணம் வந்த அதே கணக்கு எண்தானா என்று ஒத்துப் பார்த்தோம். பிறகு வங்கி மூலம் அனுப்பி, யு.டி.ஆர். எண்ணை எழுதித் தெரிவித்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பணம் கிடைத்தது, பாக்கி ஏதும் இல்லை, பாத்திரங்களை அந்தப் பள்ளிக்கே கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினோம். அந்தப் பதில் வந்த நாளில்தான் நம் பொறுப்பு முடிந்தது. பணம் அனுப்பிய நாளில் அல்ல.

எல்லாக் காகிதமும் அலுவலகத்தில் ஒரே ஃபைலில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு எந்த நாளும் வந்து பார்க்கலாம். ஆபரேஷனுக்கு உதவி கேட்ட சகோதரிக்காகத் தனியாக வசூல் நடக்கிறது. அதன் கணக்கையும் இதே போல உங்கள் முன் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.