அழிந்துபோன வாட்ஸ்அப் சாட்: பேக்கப் இல்லாதபோது எது திரும்பும், எது திரும்பாது?

போன எபிசோடுக்கு அப்புறம் திருமங்கலம் பக்கத்துல மல்லிகை போடுற ஒரு அண்ணன் வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் தினமும் எடையையும் விலையையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார். வேற கணக்கு நோட்டு கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஜூன் 10, அந்த சாட்டை அண்ணன் தவறுதலா அழிச்சுட்டார். வந்தது வியாழக்கிழமை. "கூகுள்ல பேக்கப்பே வைக்கல தம்பி"ன்னு சொன்னார்.

கூகுள்ல இல்லைங்கிறதால எங்கேயுமே இல்லைன்னு ஆகாது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தினமும் ராத்திரி 2 மணிவாக்கில் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுக்கும். சுமார் ஏழு நாள் நகல்கள் இந்த ஃபோல்டரில் இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

தேதி இல்லாத `msgstore.db.crypt14` கடைசி நகல், அதாவது சாட் அழிஞ்சதுக்கு அப்புறம் எடுத்தது. அது உதவாது. நமக்கு வேண்டியது செவ்வாய் அதிகாலை எடுத்த `msgstore-2025-06-10.1.db.crypt14`.

முதல்ல அந்த ஃபோல்டர் முழுசையும் கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணினோம். இதைச் செய்யாம வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் பண்ணினா ஃபோல்டரும் சேர்ந்து போயிடலாம். பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இங்கேதான். இன்னொரு விஷயம்: பழைய நகலுக்குப் போனா, அதுக்கப்புறம் எல்லா சாட்டிலும் வந்த செய்திகள் போயிடும். அதனால முக்கியமான மத்த சாட்களை முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணி வச்சோம்.

அப்புறம் அன்இன்ஸ்டால், மறுபடி இன்ஸ்டால். திறக்கறதுக்கு முன்னாடி, செவ்வாய் ஃபைலோட பேரை `msgstore.db.crypt14`ன்னு மாத்தி அதே ஃபோல்டரில் வச்சோம். ஃபைல் பூட்டியிருக்கும். அதே நம்பரை ஓடிபி போட்டு உறுதி பண்ணினாத்தான் திறக்கும். ரீஸ்டோர் கேட்டுச்சு, அழுத்தினோம். 'ஸ்கிப்' அழுத்திட்டா திரும்ப முதல்லேர்ந்துதான். சாட் வந்துருச்சு, செவ்வாய்க்கிழமை பகல் கணக்கு மட்டும் இல்லை. அதை கடைக்காரர் அவர் போன்லேர்ந்து எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பினார். நம்ம பக்கம் அழிச்சா எதிராளி போன்ல அது அப்படியேதான் இருக்கும்.

அண்ணன் பத்து நாள் கழிச்சு வந்திருந்தா அந்த எதிராளி போன்தான் கதி. ஐபோனா இருந்தா இந்த ஃபோல்டர் வழியே கிடையாது. வாட்ஸ்அப் கம்பெனியைக் கேட்டும் பயனில்லை, போய்ச்சேர்ந்த செய்தியை அவங்க சர்வரில் வச்சுக்கறதில்லை. "அழிஞ்ச சாட்டை மீட்போம்"னு விளம்பரம் பண்ற ஆப்கள் ரூட் பண்ணாத போனில் வாட்ஸ்அப்போட சொந்த ஃபோல்டரைத் தொடவே முடியாது. கேலரியில இருக்கற படங்களைக் காட்டி காசு கேக்கும், அவ்வளவுதான்.

பாக்கி எவ்வளவுன்னு சண்டை வரலியான்னு கேட்டேன். "இப்ப ரெண்டு பேர் போன்லயும் ஒரே கணக்குதானே"ன்னு சிரிச்சுட்டுப் போனார்.